தன் வாயால் கெடும் மொழிபெயர்ப்பான்

கணினி மொழிபெயர்ப்பில் விசித்திரமான பிழை ஒன்று உண்டு. வாக்கியம் ஒழுங்காகத்தான் தொடங்கும். நடுவில் ஒரு சொல் பிசகும். அதற்குப் பிறகு வருவதும் இலக்கணச் சுத்தமாக, படிக்க வழவழப்பாகவே இருக்கும். ஆனால் மூல வாக்கியத்தில் அப்படி ஒரு செய்தியே இருக்காது. பழைய காலத்து மொழிபெயர்ப்பு மென்பொருள் தப்பு செய்தால் சொற்கள் உடைந்து, வேற்றுமை உருபுகள் தொங்கி, பார்த்தவுடனே தெரிந்துவிடும். இன்றைய மென்பொருளோ தப்பையும் சரளமாகச் செய்கிறது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, அந்த மென்பொருளைப் பழக்கும் முறையிலேயே இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள, இந்த இயந்திரம் எப்படி எழுதுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு பாகங்கள். என்கோடர் என்பது படிக்கும் பாகம். ஆங்கில வாக்கியத்தை முழுவதும் வாங்கி, ஒவ்வொரு சொல்லையும் அதன் சூழலோடு சேர்த்து எண்களாக மாற்றி வைக்கும். டீகோடர் என்பது எழுதும் பாகம். அந்த எண்களைப் பார்த்துத் தமிழில் ஒரு சொல் எழுதும். பிறகு, தான் எழுதிய அந்தச் சொல்லையும் படித்துக்கொண்டு அடுத்த சொல்லை எழுதும். அப்புறம் இரண்டையும் படித்து மூன்றாவது. வாக்கியம் முடிந்தது என்ற குறியை அதுவே போடும்வரை இப்படியே போகும். 2014-இல் கூகுளைச் சேர்ந்த இல்யா சுட்ஸ்கேவர் குழுவும், மான்ட்ரியலில் கியுங்யுன் சோ குழுவும் இந்த இரட்டை அமைப்பை வெளியிட்டன. 2017-இல் அஷிஷ் வாஸ்வானியும் சகாக்களும் கொண்டுவந்த டிரான்ஸ்ஃபார்மர் உள்ளே இருந்த இயந்திரத்தை அடியோடு மாற்றியது. ஆனால் ஒரு சொல் எழுதி, அதைப் படித்து, அடுத்ததை எழுதும் பழக்கம் மாறவில்லை.

இனி பயிற்சி. 'அவர் நேற்று சென்னைக்கு வந்தார்' என்று பொருள்படும் ஓர் ஆங்கில வாக்கியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மனித மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அதற்கு 'நேற்று அவர் சென்னைக்கு வந்தார்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்த ஜோடியை இயந்திரத்துக்குக் காட்டுகிறோம். (கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டுக்கொண்டவை.)

முதல் சொல் என்ன என்று டீகோடரைக் கேட்டால், அது தன் சொற்பட்டியல் முழுவதற்கும் ஆளுக்கொரு வாய்ப்பைப் பங்கிட்டுத் தரும். 'அவர்' என்பதற்கு 0.5, 'நேற்று' என்பதற்கு 0.3, 'அவன்' என்பதற்கு 0.1, மிச்சம் மற்றவற்றுக்கு. நம் விடைத்தாளில் இருப்பது 'நேற்று'. அதற்கு இயந்திரம் கொடுத்தது 0.3 மட்டுமே என்பதால் தண்டனை விழுகிறது. தண்டனையின் அளவு அந்த வாய்ப்பின் மடக்கை, குறியை மாற்றிப் போட்டது. இங்கே சுமார் 1.2. முழு நம்பிக்கையோடு சரியாகச் சொல்லியிருந்தால் பூஜ்யம்.

அடுத்து நடப்பதுதான் நம் கதைக்கு முக்கியம். இயந்திரத்தை அதன் போக்கில் விட்டிருந்தால் 'அவர்' என்று எழுதியிருக்கும். நாம் விடவில்லை. அது எழுத நினைத்ததைத் தூக்கி எறிந்துவிட்டு, அது 'நேற்று' என்றே எழுதியதாகப் பாவித்து, இப்போது இரண்டாவது சொல் என்ன என்று கேட்கிறோம். இரண்டாவதில் என்ன சொன்னாலும் சரி, மூன்றாவதற்குப் போகும்போது அதன் முன்னால் இருப்பது விடைத்தாளில் உள்ள 'நேற்று அவர்' தான். கடைசிவரை இப்படியே. இதற்கு டீச்சர் ஃபோர்சிங் என்று பெயர். ரொனால்ட் வில்லியம்ஸும் டேவிட் ஸிப்ஸரும் 1989-இல் எழுதிய கட்டுரை வழியாகப் பரவிய பெயர் இது. பிள்ளை வாய் திறக்குமுன்பே அடுத்த சொல்லை வாத்தியார் திணித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படிச் செய்ய வேண்டும்? பயிற்சியின் முதல் நாளில் இயந்திரம் எழுதுவது வெறும் குப்பை. அந்தக் குப்பையைப் படித்து அடுத்த சொல்லைக் கற்றுக்கொள் என்றால் எதையும் கற்காது. இது ஒரு காரணம். இன்னொன்று வேகம், உண்மையில் எல்லோரையும் கட்டிப் போட்டிருப்பது அதுதான். விடைத்தாள் முன்கூட்டியே கையில் இருப்பதால், முப்பது சொல் வாக்கியத்தின் முப்பது கேள்விகளையும் டிரான்ஸ்ஃபார்மரிடம் ஒரே வீச்சில் கேட்டுவிடலாம். ஒவ்வோர் இடத்திலும் அதற்குப் பின்னால் வரும் சொற்களை மறைத்துவிட்டால் போதும். இயந்திரம் தானே எழுதிப் பழக வேண்டுமானால் ஒன்றன்பின் ஒன்றாக முப்பது முறை காத்திருக்க வேண்டும். 2017 கட்டுரையின் சிறிய மாதிரி, சுமார் 45 லட்சம் ஆங்கில-ஜெர்மன் வாக்கிய ஜோடிகளை வைத்து, எட்டு ஜி.பி.யு.க்களில் 12 மணி நேரத்தில் பயிற்சி முடித்தது என்றால், அந்த வேகத்துக்கு டீச்சர் ஃபோர்சிங் ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. தமிழை வைத்துப் பார்த்தால் அது பளிச்சென்று தெரியும். நான்காவது சொல்லான 'வந்தார்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 'வந்தாரா, வந்தானா' என்பதை ஆங்கில மூலம் சொல்லாது. அங்கே வினைச்சொல்லில் மரியாதை விகுதி கிடையாது. விடை இருப்பது, ஏற்கெனவே எழுதப்பட்ட தமிழில். முன்னால் 'அவர்' இருந்தால் 'வந்தார்', 'அவன்' இருந்தால் 'வந்தான்'. ஆகவே, 'முன்னால் எழுதியிருப்பதைப் பார், அதை நம்பு' என்று டீகோடர் கற்றுக்கொள்கிறது. சரியான பாடம்தான். சிக்கல் என்னவென்றால், பயிற்சியில் அது பார்க்கும் லட்சோபலட்சம் வாக்கியங்களிலும், முன்னால் எழுதியிருப்பது மனிதர் எழுதிய விடைத்தாள் வரிகள் மட்டுமே. தன் கையால் எழுதிய தப்பு தன் முன்னால் கிடப்பதை அது ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அதனால், முன்னால் எழுதியிருப்பதை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வியே அதற்கு எழுந்ததில்லை. முழுக்க நம்புகிறது.

பயிற்சி முடிந்து வேலைக்கு வரும்போது விடைத்தாள் இல்லை. இப்போது அது படிப்பது தன் சொந்த எழுத்தை. பொருளாதாரச் செய்திகளை மட்டும் வைத்துப் பழக்கிய ஓர் இயந்திரத்திடம், 'இருட்டும்வரை அவர்கள் ஆற்றின் கரையோரமாக நடந்தார்கள்' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியத்தைக் கொடுக்கிறோம் என்று கற்பனை செய்யுங்கள். ஆங்கிலத்தில் கரைக்கும் 'பேங்க்' தான், வங்கிக்கும் 'பேங்க்' தான். 'அவர்கள்' என்று ஒழுங்காக ஆரம்பிக்கிறது. அடுத்து 'வங்கி' என்று எழுதிவிடுகிறது. இதுவரை ஒரே ஒரு சொல்தான் தப்பு. இந்த நிலையில் ஒரு மனிதர் என்ன செய்வார்? வாக்கியத்தின் மறுபாதியைப் பார்த்து, நடப்பதும் இருட்டுவதும் வங்கியோடு ஒட்டவில்லையே என்று அடித்துவிட்டுத் திரும்ப எழுதுவார். இயந்திரத்துக்கு அடிக்கும் வழி இல்லை. போதாக்குறைக்கு, அதன் முன்னால் இப்போது இரண்டு சாட்சிகள்: நடையையும் இருட்டையும் சொல்லும் ஆங்கில மூலம் ஒருபுறம், 'அவர்கள் வங்கி' என்ற தமிழ்த் தொடக்கம் மறுபுறம். எதை நம்புவது என்று பயிற்சி ஏற்கெனவே சொல்லிவிட்டது. 'கணக்கு', 'தொடங்கினார்கள்' என்று வாக்கியம் தன் வழியில் போய்விடுகிறது. முடிவில் கிடைப்பது பிழையற்ற தமிழ், இல்லாத செய்தி.

பயிற்சியில் பார்த்த சூழலுக்கும் வேலையில் சந்திக்கும் சூழலுக்கும் உள்ள இந்த இடைவெளிக்கு எக்ஸ்போஷர் பயஸ் என்று பெயர். ஃபேஸ்புக்கில் இருந்த மார்க் ஆரேலியோ ரன்சாட்டோவும் மூன்று சகாக்களும் 2015-இல் எழுதிய கட்டுரையில் அந்தப் பெயரைப் பயன்படுத்தினார்கள். பிரச்சினை அதற்கும் மூத்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டீன் பொமர்லோ, 1980-களின் கடைசியில், தானே ஓடும் வேன் ஒன்றுக்கு நியூரல் நெட்வொர்க் மூலம் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். மனிதர் ஓட்டுவதைப் பார்த்துக் கற்கும் முறை. நல்ல டிரைவர் எப்போதும் சாலை நடுவிலேயே ஓட்டுவார். ஆகவே ஓரத்துக்கு நழுவிய வண்டியின் முன்னால் சாலை எப்படித் தெரியும், அங்கிருந்து எப்படித் திரும்புவது என்பதை நெட்வொர்க் பார்க்கவே வழியில்லை. பொமர்லோ இதைக் கவனித்து, கேமரா படங்களைப் பக்கவாட்டில் நகர்த்தி, நழுவிய காட்சிகளைச் செயற்கையாக உண்டாக்கிப் பயிற்சியில் சேர்த்தார்.

நழுவினால் எவ்வளவு சேதம்? ஒரு சின்னக் கணக்கு. சரியான தொடக்கம் முன்னால் இருந்தால், ஒவ்வொரு சொல்லிலும் 100-க்கு 2 தடவை மட்டுமே தப்பு செய்யும் ஒரு நல்ல இயந்திரம் என்று வைப்போம். 20 சொல் வாக்கியம். ஒவ்வொரு தப்புக்குப் பிறகும் அது சுதாரித்துக்கொண்டால் சராசரியாக வாக்கியத்துக்கு 0.4 சொல் தப்பு. மாறாக, ஒருமுறை தப்பினால் அதற்குப் பின் எல்லாமே தப்பு என்ற மோசமான நிலையை எடுத்துக்கொண்டால், சராசரி 3.7 சொற்களாகிறது. வாக்கியத்தை 40 சொல்லாக நீட்டினால், சுதாரிக்கும் இயந்திரத்துக்கு 0.8; சுதாரிக்காததற்கு சுமார் 13. நீளம் இரண்டு மடங்கானால் தப்பு மூன்று மடங்குக்கும் மேல். நிஜ இயந்திரம் இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கும். தமிழுக்கு இதில் ஒரு கூடுதல் பாரம். இந்த இயந்திரங்கள் முழுச் சொற்களை அல்ல, சொல்லின் துண்டுகளைத்தான் எழுதுகின்றன. 'சென்னையிலிருந்துதான்' போன்ற நம் ஒட்டுச் சொற்கள் பல துண்டுகளாக உடையும். பத்துச் சொல் வாக்கியம்கூடத் துண்டுக் கணக்கில் நீண்டுவிடும்.

இன்னொரு தந்திரமான விஷயம், இந்தக் கோளாறு பயிற்சிக் கூடத்திலேயே கண்ணில் படாமல் போய்விடலாம். பயிற்சி நடக்கும்போது, இயந்திரம் பார்க்காத சில ஆயிரம் வாக்கியங்களை ஒதுக்கி வைத்து, அவ்வப்போது பரீட்சை வைப்பார்கள். அந்தப் பரீட்சையில் மதிப்பெண்ணாகப் போடப்படும் தண்டனைத் தொகையும் டீச்சர் ஃபோர்சிங் முறையில்தான் கணக்கிடப்படுகிறது. ஊன்றுகோலோடு நடக்கவிட்டு நடையைச் சோதிப்பதால் மதிப்பெண் அழகாக இறங்கிக்கொண்டே வரும். விவரமறிந்தவர்கள் அதோடு நிற்பதில்லை. இயந்திரத்தைச் சொந்தமாக எழுதவிட்டு அந்த மொழிபெயர்ப்பைத் தனியே மதிப்பிடுவார்கள். வேண்டுமென்றே ஒரு தப்பான தொடக்கத்தை அதன் வாயில் திணித்து, பிறகு மூலத்துக்குத் திரும்பி வருகிறதா, தப்பின் பின்னாலேயே போகிறதா என்றும் பார்ப்பார்கள்.

இப்படி நுணுகிப் பார்த்த ஆய்வுகளில் எனக்குப் பிடித்தது, எடின்பரோ பல்கலைக்கழகத்தின் சாவோஜுன் வாங், ரிகோ சென்ரிச் இருவரும் 2020-இல் வெளியிட்டது. ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் ஓர் இயந்திரத்தை மருத்துவ நூல்களை மட்டும் வைத்துப் பழக்கினார்கள். பிறகு சட்டம், கணினிக் கையேடு, குர்ஆன் மொழிபெயர்ப்பு, சினிமா சப்டைட்டில் என்று அது கண்டிராத துறைகளில் சோதித்தார்கள். எதிர்பார்த்தபடியே, மூலத்துக்குச் சம்பந்தமில்லாத சரளமான வாக்கியங்கள் கொட்டின. இந்த வகைப் பிழையை ஹாலுசினேஷன் என்கிறார்கள். அப்படிப்பட்ட சம்பந்தமில்லாத வாக்கியத்தை எடுத்து, அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் இயந்திரம் எவ்வளவு வாய்ப்புத் தருகிறது என்று இடம் இடமாக அளந்தார்கள். முதல் சில இடங்களில் இயந்திரத்துக்கே சந்தேகம் இருந்தது. வாக்கியம் நீள நீள, அந்தப் பொய்யின் மேல் உறுதி ஏறியது. ஆரம்பத்தில் தயங்கிச் சொன்ன ஒன்றை, தானே சொல்லிவிட்டதால், பிறகு மூலத்தைவிட அதிகமாக நம்புகிறது. பயிற்சி முறையை மாற்றிப் பழக்கியபோது அந்தப் பிழைகள் குறைந்தன, ஒழியவில்லை. எக்ஸ்போஷர் பயஸ் குற்றவாளிகளில் ஒன்று, ஒரே குற்றவாளி அல்ல என்பது அவர்கள் தீர்ப்பு.

பயிற்சி முறையை எப்படி மாற்றுவது? முதலில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை, விடைத்தாளை மெல்ல மெல்லப் பிடுங்குவது. தொடக்கத்தில் முழுக்க விடைத்தாள் சொற்கள். போகப் போக, காசு சுண்டிப் போட்டது மாதிரி, சில இடங்களில் இயந்திரத்தின் சொந்தச் சொல்லையே அடுத்த இடத்துக்கு அனுப்புவது. கூகுளின் சாமி பென்ஜியோ, ஓரியோல் வின்யால்ஸ், நவ்தீப் ஜெய்ட்லி, நோம் ஷாஸீர் ஆகியோர் 2015-இல் முன்வைத்த இந்த முறைக்கு ஷெட்யூல்டு சாம்ப்ளிங் என்று பெயர். படத்துக்கு வாசகம் எழுதும் வேலையில் நன்றாகவே உதவியது. மொழிபெயர்ப்பில், அதிலும் சொல் வரிசையில் நெகிழ்வுள்ள தமிழில், ஓர் இடறல் இருக்கிறது. நம் பழைய வாக்கியத்துக்கே திரும்புவோம். இயந்திரம் முதலில் 'அவர்' என்று எழுதுகிறது. இம்முறை அதை அப்படியே ஏற்று முன்னால் வைக்கிறோம். 'அவர் நேற்று சென்னைக்கு வந்தார்' என்று அது முடித்தால் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் விடைத்தாளின் இரண்டாவது சொல் 'அவர்'. ஆகவே, 'அவர்' என்பதற்கு அடுத்து 'அவர்' என்று எழுதாததற்காகத் தண்டனை விழுகிறது! நல்ல தமிழ் எழுதியதற்கு அடி. 'அவர் அவர்' என்று திக்கினால் பாராட்டு. இந்த முறையின் அடிப்படைக் கணிதமே சரியான இலக்கை நோக்கிப் போகவில்லை என்று ஃபெரென்ட்ஸ் ஹுசார் அதே ஆண்டில் எழுதிக் காட்டினார்.

ஆகவே, சொல்லுக்குச் சொல் ஒப்பிடுவதை விட்டுவிட்டு, வாக்கியத்தை முழுதாக எழுதவிட்டு மதிப்பெண் போடும் வழிக்குப் பலர் போனார்கள். ரன்சாட்டோ குழு சொன்னதும் அதுதான். எடின்பரோவில் பயன்படுத்தியதும் அந்த வகைதான்: ஒரே மூலத்துக்கு இயந்திரம் பல மொழிபெயர்ப்புகளை எழுதும், ஒவ்வொன்றும் விடைத்தாளுக்கு எவ்வளவு நெருக்கம் என்று மதிப்பெண் விழும், நல்லவற்றின் வாய்ப்பை உயர்த்தி மோசமானவற்றைக் குறைப்பார்கள். இதில் இயந்திரம் தன் தப்புகளை நேருக்கு நேர் பார்க்கிறது. விலை, நேரம், ஒரு வாக்கியத்துக்குப் பலமுறை வரிசையாக எழுத வேண்டும். இன்னொரு விலை, மதிப்பெண் போடும் கருவியை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது. 2016-இல் கூகுள் தன் புதிய மொழிபெயர்ப்பு அமைப்பை அறிவித்த கட்டுரையில், இப்படிப்பட்ட மெருகேற்றலால் தானியங்கி மதிப்பெண் கொஞ்சம் உயர்ந்ததையும், மனிதர்கள் படித்துப் பார்த்தபோது அந்த உயர்வு தெரியவில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுதியிருந்தது. இந்தத் துறையில் பலரின் உற்சாகத்தை அடக்கிய வரி அது என்று நினைக்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. எக்ஸ்போஷர் பயஸ் என்பது அத்தனை பெரிய பூதமில்லை என்று வாதிட்டவர்கள் வெறும் வாயால் வாதிடவில்லை. தியான்ஷிங் ஹேயும் சகாக்களும் 2021-இல், மொழி மாதிரிகளின் முன்னால் குழப்பமான தொடக்கங்களை வைத்துச் சோதித்தபோது, பெரும்பாலும் அவை தடுமாறி நிமிர்ந்துவிடுகின்றன, தப்பு மலைபோலக் குவிவதில்லை என்று கண்டார்கள். நான் மேலே போட்ட '13 சொல் தப்பு' கணக்கு நிஜத்தில் அரிது என்பதற்கு இது சாட்சி. இன்றும் மொழிபெயர்ப்பு இயந்திரங்கள் பெரும்பாலும் டீச்சர் ஃபோர்சிங்கில்தான் வளர்கின்றன. பழகிய துறையில், பழகிய வகை வாக்கியத்தில் முதல் தப்பு நேர்வதே அபூர்வம். நேர்ந்தாலும் மூலத்தின் பிடி வலுவாக இருக்கும். பயிற்சி நூல்களில் இல்லாத துறைக்குள் நுழையும்போதுதான் மூலத்தின் பிடி தளர்கிறது, தன் எழுத்தின் மேலுள்ள கண்மூடி நம்பிக்கை வேலையைக் காட்டுகிறது.

தமிழ் வாசகருக்கு அந்த நிலை ஒன்றும் அரிதல்ல. ஏ.ஐ.4பாரத் குழு 2021-இல் வெளியிட்ட சமானந்தர் தொகுப்பில், ஆங்கிலத்துக்கும் 11 இந்திய மொழிகளுக்குமாகச் சேர்த்து சுமார் 5 கோடி வாக்கிய ஜோடிகள். அவை வலையில் கிடைத்த இடங்களிலிருந்து திரட்டியவை. வலையில் தமிழில் எழுதப்படாத துறை, தொகுப்பிலும் மெலிந்துதான் இருக்கும். பத்திரப் பதிவு வாசகமோ, பூச்சிமருந்துப் பொட்டலத்தின் எச்சரிக்கையோ, ஆஸ்பத்திரிச் சீட்டோ கொடுத்தால், இயந்திரம் தனக்குப் பழகாத சாலையில் ஓடுகிறது.

ஆகவே, இப்படிப்பட்ட ஒன்றை இயந்திரத்திடம் கொடுக்க நேர்ந்தால் இரண்டு காரியம் செய்யுங்கள். நீண்ட வாக்கியத்தை முதலிலேயே இரண்டு மூன்றாக வெட்டிக் கொடுங்கள். ஒன்றில் வரும் சறுக்கல் அடுத்ததற்குப் பரவ அவ்வளவு இடம் இருக்காது. வந்த தமிழில் ஒரு சொல் தப்பாகக் கண்ணில் பட்டால், அந்தச் சொல்லை மட்டும் திருத்திவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சொல்லிலிருந்து முற்றுப்புள்ளி வரை உள்ள அனைத்தையும் மூலத்தோடு வைத்துப் படியுங்கள்.